சாய்வைச் சரி செய்த பிறகும் திரையின் ஓரத்தில் ஆப்பு மாதிரி சட்டம் தெரிகிறது, ஏன்?

பட்டறைக்காரன் | ஜூன் 3, காலை 7.50

எங்கள் பட்டறையில் ஒரு பழைய சிஎன்சி மெஷின் ஓடுகிறது. அதன் அலாரம் பக்கத்தையும் டூல் ஆஃப்செட் பக்கத்தையும் தினமும் போனில் படம் எடுத்து வைக்கிறேன். மெஷினில் யுஎஸ்பி இல்லை, நெட்வொர்க் இல்லை, பிரிண்டர் போர்ட் செத்துப் பல வருஷம் ஆகிறது. திரையைப் படம் எடுப்பதைத் தவிர வேறு வழி கிடையாது.

படத்தில் மெஷின் உடம்பு, பட்டன்கள், என் கை நிழல் எல்லாம் வருவதால் திரை மட்டும் இருக்கும்படி வெட்டுகிறேன். முதலில் மேல் விளிம்பு நேராக வரும்வரை படத்தைத் திருப்புகிறேன். அப்புறம் கிராப். மேலே கச்சிதமாக உட்காருகிறது. கீழே இடது மூலையில் மட்டும் கறுப்புச் சட்டம் ஆப்பு வைத்தது போல் நீளமாக நிற்கிறது. அதை ஒழிக்க மேலே ஏற்றி வெட்டினால் வலது பக்கக் கடைசி சாஃப்ட்கீயின் பெயர் பறிபோகிறது. அந்தப் பெயர்தான் எந்தப் பக்கம் என்று சொல்லும், அதை விட முடியாது.

சாய்வைத்தான் சரி செய்தாயிற்றே, அப்புறமும் ஏன் இப்படி?

ரீல்பெட்டி | ஜூன் 3, காலை 9.15

பிரிண்ட் ஸ்கிரீன் பட்டன் இருக்கிறதா பாருங்கள். திரையை அப்படியே சேமித்துவிட்டால் வெட்டவே வேண்டாமே.

பட்டறைக்காரன் | ஜூன் 3, காலை 9.40

இது கணினி இல்லை அண்ணா. மெஷினின் கன்ட்ரோலர். அந்த பட்டன் இருந்தாலும் சேமித்ததை வெளியே கொண்டுவர வழியில்லை.

கடைசி பெஞ்ச் | ஜூன் 3, மதியம் 1.05

மேல் விளிம்பை மட்டும் நம்பித் திருப்புகிறீர்கள், அதுதான் கோளாறு. மேல் விளிம்பு எவ்வளவு சாய்ந்திருக்கிறது, கீழ் விளிம்பு எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று ரெண்டையும் பார்த்து நடுவில் ஒரு கோணத்துக்குத் திருப்புங்கள். நான் பில் திரை, ஏடிஎம் திரை எல்லாம் அப்படித்தான் செய்கிறேன். பிரச்சினையே வந்தது இல்லை.

நேர்கோடு | ஜூன் 3, இரவு 8.30

நடுக்கோணத்துக்குத் திருப்பினால் ஒரு பக்கம் இருந்த ஆப்பு ரெண்டு பக்கமும் பாதிப் பாதியாகும். கொஞ்சம் கண்ணை உறுத்தாது, அவ்வளவுதான். ஆப்பு போகாது.

பட்டறைக்காரன், திருப்பாத மூலப் படத்தைத் திறந்து, திரை வெளிச்சம் முடிகிற நாலு மூலைகளிலும் கர்சரை வைத்து எண்களைக் குறித்துப் போடுங்கள். பிளாஸ்டிக் சட்டத்தின் மூலை இல்லை, வெளிச்சத்தின் மூலை. எண்களைப் பார்த்தால் ஏன் என்று உடனே தெரிந்துவிடும்.

பட்டறைக்காரன் | ஜூன் 4, காலை 7.30

படம் 4000 × 3000. மூலைகள்:

மேல் இடது 612, 498
மேல் வலது 3390, 402
கீழ் வலது 3322, 2590
கீழ் இடது 700, 2468

பெரிதாக்கிப் பார்த்துத்தான் குறித்தேன். ரெண்டு மூன்று பிக்சல் முன்னே பின்னே இருக்கலாம்.

நேர்கோடு | ஜூன் 4, இரவு 9.10

இதிலேயே பதில் இருக்கிறது. மேல் விளிம்பு இடமிருந்து வலம் போகும்போது 96 பிக்சல் மேலே ஏறுகிறது, கிட்டத்தட்ட 2 டிகிரி. கீழ் விளிம்பு அதே திசையில் 122 பிக்சல் கீழே இறங்குகிறது, சுமார் 2.7 டிகிரி. ரெண்டும் எதிரெதிர்ப் பக்கம் சாய்ந்திருக்கின்றன. படத்தை எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒன்று சரியானால் மற்றது அதே அளவு கெடும்.

நீங்கள் மேல் விளிம்பை நேராக்க வலப்பக்கம் 2 டிகிரி திருப்பியபோது கீழ் விளிம்பு 4.6 டிகிரி சாய்வாகிவிட்டது. 2600 பிக்சல் நீளத்துக்கு அது 210 பிக்சல். அதுதான் உங்கள் ஆப்பு. கடைசி பெஞ்ச் சொல்கிறபடி நடுவில் நிறுத்தினால் மேலே 105, கீழே 105 என்று பிரியும்.

இன்னொரு விதமாகப் பாருங்கள். திரையின் இடது ஓரத்தின் உயரம் படத்தில் 1972 பிக்சல், வலது ஓரத்தின் உயரம் 2189. மேல் அகலம் 2780, கீழ் அகலம் 2625. போன் திரைக்கு வலப்பக்கமாகவும் கொஞ்சம் மேலேயும் இருந்திருக்கிறது. பக்கத்தில் இருக்கிற ஓரம் பெரிதாகவும் தள்ளியிருக்கிற ஓரம் சிறிதாகவும் விழுந்திருக்கிறது. கையில் போன் சாய்ந்தது வேறு, போன் திரைக்கு நேர் எதிரே இல்லாதது வேறு. முதலாவதைத்தான் திருப்பிச் சரி செய்ய முடியும். உங்கள் படத்தில் அது அரை டிகிரிகூட இல்லை. மீதி எல்லாம் ரெண்டாவது.

செவ்வகமான திரை படத்தில் ஒழுங்கற்ற நாற்கரமாக விழுந்திருக்கிறது. நாற்கரத்தைச் செவ்வகக் கத்தியால் வெட்டினால் ஏதாவது ஒரு மூலையில் மிச்சம் நிற்கும், அல்லது ஒரு மூலை பறிபோகும்.

கடைசி பெஞ்ச் | ஜூன் 4, இரவு 9.50

அப்போ என் படங்களில் ஏன் வரவில்லை?

நேர்கோடு | ஜூன் 4, இரவு 10.20

ஏடிஎம் திரையை நேர் எதிரே நின்று எடுத்திருப்பீர்கள். அங்கே வேறு எங்கும் நிற்கவும் இடம் கிடையாது. எதிர் விளிம்புகள் ஒன்றுக்கொன்று இணையாக இருக்கிற வரை திருப்பினாலே போதும், உங்கள் முறை அங்கே சரிதான். முதலில் எதிர் விளிம்புகளின் சாய்வை ஒப்பிட்டுப் பாருங்கள். ரெண்டும் ஒரே பக்கம், ஒரே அளவு என்றால் திருப்புங்கள். இல்லை என்றால், படத்தில் திரையின் நாலு மூலைகளைக் காட்டி அந்த நாற்கரத்தைச் செவ்வகமாக இழுக்கிற நாலு மூலை முறைக்குப் போய்விடுங்கள்.

பட்டறைக்காரன் | ஜூன் 5, காலை 6.45

போனில் இருக்கிற டாக்குமெண்ட் ஸ்கேனர் செயலி நாலு மூலை முறைதானே? நேற்று அதில் போட்டுப் பார்த்தேன். சட்டம் சுத்தமாகப் போனது. ஆனால் எழுத்தெல்லாம் ஒல்லியாக, உயரமாக வந்தது. டூல்பாத் வரைபடத்தில் வட்டமான பாக்கெட் முட்டை வடிவில் நிற்கிறது.

நேர்கோடு | ஜூன் 5, இரவு 8.40

அந்தச் செயலி காகிதத்துக்காகச் செய்யப்பட்டது. நாலு மூலையையும் பிடித்து, தனக்குத் தெரிந்த காகித அளவில் ஒன்றுக்கு இழுத்துவிட்டிருக்கும். மூலைகள் கிடைத்துவிட்டால் செவ்வகம் கிடைக்கும். அந்தச் செவ்வகம் எவ்வளவு அகலம், எவ்வளவு உயரம் என்பதை நாம்தான் சொல்ல வேண்டும்.

திரையில் ஒரு வசதி, அந்த விகிதம் நமக்கு முன்பே தெரியும். உங்கள் மெஷின் 10.4 அங்குலப் பழைய திரை என்றால் பெரும்பாலும் 640 × 480, அதாவது 4:3. இப்போதைய டிவி 16:9. பல லேப்டாப்கள் 16:10. பழைய 17 அங்குல மானிட்டர்களில் நிறைய 1280 × 1024, அது 5:4. 4:3 என்று நினைத்து அதை வெட்டினால் மெலிதாக இழுபட்டிருக்கும், கண்ணுக்குச் சட்டென்று தெரியாது.

உங்கள் படத்தில் திரையின் ஒவ்வொரு புள்ளிக்கும் போன் நாலு பிக்சலுக்கு மேல் கொடுத்திருக்கிறது. அதனால் வெளியீட்டை 1920 × 1440 என்று வைக்கிறேன், திரையின் அளவைப் போல் சரியாக மூன்று மடங்கு. இமேஜ்மேஜிக்கில்:

```
magick alarm.jpg -auto-orient \
  -define distort:viewport=1920x1440+0+0 \
  -distort Perspective \
  "612,498 0,0  3390,402 1920,0  3322,2590 1920,1440  700,2468 0,1440" \
  +repage alarm-out.png
```

ஒவ்வொரு ஜோடியிலும் முதலில் படத்தில் மூலை இருக்கிற இடம், அடுத்து அது போய்ச் சேர வேண்டிய இடம். `viewport` சொல்கிற செவ்வகத்துக்கு வெளியே இருப்பது எதுவும் கோப்பில் வராது. நிமிர்த்துவதும் வெட்டுவதும் ஒரே வேலையாக முடிகிறது. தனியாகத் திருப்ப வேண்டாம். முதலில் திருப்பி, அப்புறம் நிமிர்த்தி, அப்புறம் அளவு குறைத்தால் ஒவ்வொரு முறையும் எழுத்து கொஞ்சம் மங்கும். சின்ன எழுத்தில் 8-க்கும் 6-க்கும் வித்தியாசம் போவது அப்படித்தான்.

பட்டறைக்காரன் | ஜூன் 6, காலை 7.10

வந்துவிட்டது. நாலு ஓரமும் சுத்தம். வட்டம் வட்டமாகவே இருக்கிறது. சாஃப்ட்கீ வரிசை முழுசாகத் தெரிகிறது. ஆஃப்செட் பக்கத்தில் இடது ஓரத்து எண்களும் வலது ஓரத்து எண்களும் ஒரே அகலம். முன்பு வலது பக்கம் தடித்து நிற்கும், மெஷினே அப்படித்தான் காட்டுகிறது என்று நினைத்திருந்தேன்.

கடைசி பெஞ்ச் | ஜூன் 6, மாலை 6.20

நான் முயன்றபோது படம் நடுவில் முறுக்கிக்கொண்டு வந்தது. வண்ணத்துப்பூச்சி மாதிரி ரெண்டு முக்கோணம்.

நேர்கோடு | ஜூன் 6, இரவு 7.15

ஜோடி மாறியிருக்கும். கீழ் வலது மூலையை கீழ் இடது இலக்கோடு சேர்த்திருப்பீர்கள். கடிகாரம் சுற்றுகிற வரிசையில் எழுதும் பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள்: மேல் இடது, மேல் வலது, கீழ் வலது, கீழ் இடது.

முறுக்காமல் முழுப் படமும் 90 டிகிரி புரண்டு வந்தால் காரணம் வேறு. போன் படத்தைத் திருப்பிச் சேமிக்காமல், எந்தப் பக்கம் மேலே என்று ஒரு குறிப்பை மட்டும் கோப்பில் எழுதியிருக்கும். படம் பார்க்கிற மென்பொருள் அந்தக் குறிப்பைப் படித்துத் திருப்பிக் காட்டும். அங்கே குறித்த எண்கள் திருப்பாத கோப்புக்குப் பொருந்தாது. `-auto-orient` முதலில் வருவது அதற்குத்தான்.

டீச்சரம்மா | ஜூன் 7, காலை 11.30

எனக்கு கமாண்ட் எல்லாம் வராது. என் பையன் உள்ளூர் சேனலில் குறள் ஒப்பித்தான். டிவியில் வந்தபோது சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்து போனில் எடுத்தேன். அதை நிமிர்த்தி டிவிப் படம் மட்டும் பிரிண்ட் போட வேண்டும். கிம்ப் இருக்கிறது. அதில் Perspective கருவியால் மூலைகளை இழுத்துப் பார்த்தேன், இன்னும் கோணலாகத்தான் போகிறது.

நேர்கோடு | ஜூன் 7, மதியம் 2.00

அந்தக் கருவியின் விருப்பங்களில் Direction என்று ஒன்று இருக்கும், டீச்சர். அதை Corrective (Backward) ஆக மாற்றுங்கள். Clipping என்பதில் Clip வையுங்கள். அப்புறம் படத்தின் நாலு மூலைக் கைப்பிடிகளையும் இழுத்துக்கொண்டுபோய் டிவித் திரையின் நாலு மூலைகளில் வைத்து Transform அழுத்துங்கள். சாதாரண நிலையில் அந்தக் கருவி நீங்கள் இழுக்கிற வடிவத்துக்குப் படத்தைக் கோணலாக்கும். இந்த நிலையில் நீங்கள் காட்டுகிற கோணல் வடிவத்தைப் படத்தின் முழுச் செவ்வகத்துக்கு விரிக்கும். வெட்டும் தனியாகத் தேவைப்படாது.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். போன் படம் பெரும்பாலும் 4:3. டிவி 16:9. திரையை அந்த 4:3 சட்டத்துக்குள் விரித்துவிடுவதால் பையன் ஒல்லியாக, உயரமாகத் தெரிவான். Image மெனுவில் Scale Image போய், அகலத்துக்கும் உயரத்துக்கும் நடுவில் இருக்கிற சங்கிலியைப் பிரித்து, 1920-க்கு 1080 என்று கொடுங்கள். பட்டறைக்காரன் திரையும் 4:3, போன் படமும் 4:3 என்பதால் அவர் கிம்ப்பில் செய்தால் இந்த வேலை மிச்சம்.

டீச்சரம்மா | ஜூன் 7, இரவு 9.05

நேராக வந்தது. பையன் முகம் சரியாக இருக்கிறது. ஆனால் அந்தச் சேனல் ரெண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வைத்துத்தான் ஒளிபரப்பியது. பட்டையின் ஓரத்தையே மூலை என்று வைத்து முதலிலேயே வெட்டியிருக்கலாமோ?

நேர்கோடு | ஜூன் 7, இரவு 9.40

வைக்கலாம், ஆனால் பட்டை சரியாக எங்கே தொடங்குகிறது என்று இருட்டான காட்சியில் பிடிபடாது. டிவியின் மூலையை வைத்து நிமிர்த்திவிட்டு அப்புறம் பட்டையை வெட்டுவது பத்திரம். 1920 × 1080-க்குள் 4:3 படம் 1440 அகலம் எடுக்கும். பக்கத்துக்கு 240 வெட்டினால் போதும். 240 வெட்டியும் கறுப்பு மிஞ்சினாலோ, படம் பறிபோனாலோ மூலைகளைக் குறித்ததில் பிசகு இருக்கிறது என்று அதிலேயே தெரிந்துவிடும்.

ரீல்பெட்டி | ஜூன் 8, காலை 10.00

என்னிடம் பழைய பெட்டி டிவியைப் படம் எடுத்த பிரிண்டுகள் இருக்கின்றன. ஸ்கேன் செய்து இதே மாதிரி நாலு மூலை வைத்தேன். மூலைகள் பொருந்துகின்றன, நடுவில் நாலு ஓரமும் வெளியே பிதுங்குகிறது. கிராப் செய்தால் ஓரங்களின் நடுப்பகுதி கொஞ்சம் போகிறது.

நேர்கோடு | ஜூன் 8, மதியம் 12.30

பழைய டியூபின் கண்ணாடி தட்டை இல்லை. நாலு மூலை முறை தட்டையான பரப்புக்கு மட்டும்தான். வளைந்த கண்ணாடியை எத்தனை மூலை கொடுத்தாலும் அது நேராக்காது. நிமிர்த்திய பிறகு கிம்ப்பில் Lens Distortion வடிப்பானில் Main எண்ணை நகர்த்திப் பாருங்கள், ஓரம் ஓரளவு உள்ளே வரும். நாலு பக்கமும் ஒரே மாதிரி வரும் என்று உறுதி சொல்ல மாட்டேன். பக்கவாட்டில் இருந்து எடுத்த படத்தில் அருகிலிருக்கும் ஓரத்தின் வளைவும் தூரத்து ஓரத்தின் வளைவும் வேறு வேறு. நான் அந்தப் படங்களை வளைவோடேயே, கறுப்புப் பின்னணியில் வைத்துவிடுகிறேன்.

ரீல்பெட்டி | ஜூன் 8, மதியம் 12.50

எனக்கு ஓரம் நேராக வேண்டும். வளைத்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

பட்டறைக்காரன் | ஜூன் 9, காலை 7.20

நான் ஒரு இடத்தில் நிற்கிறேன். ஆஃப்செட் பக்கம் சாம்பல் பின்னணி, அதில் மூலை குறிப்பது எளிது. அலாரம் பக்கம் முழுக் கறுப்பு. சட்டமும் கறுப்பு. பட்டறை விளக்கில் எது திரை, எது பிளாஸ்டிக் என்றே தெரியவில்லை. இன்று குத்துமதிப்பாக வைத்தேன், இடது பக்கம் சாய்ந்துவிட்டது.

கடைசி பெஞ்ச் | ஜூன் 9, காலை 8.10

பிரைட்னஸ் ஏற்றிப் பாருங்கள். எல்சிடி திரையின் கறுப்பு உண்மையான கறுப்பு இல்லை, பின்னால் விளக்கு எரிந்துகொண்டேதான் இருக்கும். படத்தை நன்றாக வெளுக்க வைத்தால் திரைப்பகுதி நீலம் கலந்த சாம்பலாகத் தனியே தெரியும். மூலையைக் குறித்துக்கொண்டு மூலப் படத்தில் வெட்டுங்கள்.

நேர்கோடு | ஜூன் 9, இரவு 8.00

நல்ல யோசனை. எல்சிடிக்கு இது வேலை செய்யும். ஓஎல்இடி டிவியில் செய்யாது, அங்கே கறுப்புப் புள்ளியில் வெளிச்சமே கிடையாது.

பட்டறைக்காரனுக்கு இதைவிட உறுதியான வழி இருக்கிறது. கணக்குக்கு மூலைகள்தான் வேண்டும் என்று இல்லை. திரையில் எந்த இடம் என்று நமக்குத் தெரிந்த நாலு புள்ளிகள் எதுவானாலும் போதும். சாம்பல் பக்கத்தை ஏற்கெனவே சுத்தமாக நிமிர்த்தி வைத்திருக்கிறீர்கள். அதை மாதிரிப்படமாக வைத்துக்கொள்ளுங்கள். எல்லாப் பக்கத்திலும் மாறாமல் ஒரே இடத்தில் நிற்கிற குறிகள் எவை என்று பாருங்கள். தலைப்புக்குக் கீழே ஓடுகிற கோட்டின் ரெண்டு முனை, சாஃப்ட்கீ பெட்டிகளின் ரெண்டு கடைசி மூலை, இப்படி. மாதிரிப்படத்தில் அவை இருக்கிற இடத்தை ஒருமுறை குறித்துவிடுங்கள். கறுப்புப் பக்கத்தில் அதே நாலு குறிகளைத் தேடிப்பிடித்து, அந்த எண்களிலிருந்து மாதிரிப்பட எண்களுக்கு அனுப்புங்கள். `viewport` அதேதான். கண்ணுக்குத் தெரியாத விளிம்பு தானாகத் தன் இடத்தில் வந்து உட்காரும்.

குறிகள் ஒன்றுக்கொன்று முடிந்தவரை தள்ளி இருக்கட்டும். நடுவில் நெருக்கமாக நாலு புள்ளியை எடுத்தால் ஒரு பிக்சல் தவறு ஓரத்துக்குப் போகும்போது பல பிக்சலாகிவிடும்.

பட்டறைக்காரன் | ஜூன் 10, காலை 6.50

தலைப்புக் கோடும் சாஃப்ட்கீ பெட்டியும் வைத்துச் செய்தேன். மாதிரிப்படத்தில் கோடு 48, 96 இலிருந்து 1872, 96 வரை. பெட்டிகளின் கீழ் விளிம்பு 48, 1332 இலிருந்து 1872, 1332 வரை. கறுப்புப் பக்கத்தை அதற்குப் பொருத்தி, இரண்டையும் மாற்றி மாற்றித் திறந்து பார்த்தேன். கடிகார எண்கள் ரெண்டிலும் அசையாமல் ஒரே இடத்தில் நிற்கின்றன. இதுதான் எனக்கு வேண்டியது. ஒரு வாரத்துப் பக்கங்களை அடுக்கி வைத்துப் புரட்டும்போது எண் மாறியது மட்டும் கண்ணில் படும்.

பட்டறைக்காரன் | ஜூன் 12, இரவு 9.30

இன்னொரு மெஷினில் திரை சுழல்கையில் தொங்குகிறது. முன்னால் கூலன்ட் தொட்டி இருப்பதால் பக்கத்தில் நின்று, கிட்டத்தட்ட 45 டிகிரியில்தான் எடுக்க முடிகிறது. நிமிர்த்தினால் செவ்வகம் வருகிறது. ஆனால் என் பக்கத்து ஓரத்தில் கடைசி ரெண்டு எழுத்து இல்லை, எதிர்ப் பக்கம் கறுப்புப் பட்டை மாதிரி ஒன்று இருக்கிறது. மூலைகளை எப்படி மாற்றி வைத்தாலும் ஒன்று தீர்ந்தால் மற்றது வருகிறது.

நேர்கோடு | ஜூன் 13, காலை 8.15

திரை சட்டத்துக்குள் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று அளந்து பாருங்கள்.

பட்டறைக்காரன் | ஜூன் 13, மாலை 6.40

வெர்னியர் வைத்து அளந்தேன். 5 மில்லி.

நேர்கோடு | ஜூன் 13, இரவு 8.50

கணக்கு சரியாக இருக்கிறது. 45 டிகிரியில் பார்த்தால் 5 மில்லி உயரமான சட்டம் தனக்குப் பின்னால் 5 மில்லி திரையை மறைக்கும். 10.4 அங்குலத் திரையின் அகலம் 211 மில்லி, அதில் 640 புள்ளிகள். 5 மில்லி என்றால் 15 புள்ளி. எழுத்து 8 புள்ளி அகலம் என்றால் கிட்டத்தட்ட ரெண்டு எழுத்து. எதிர்ப் பக்கத்தில் நீங்கள் பார்க்கிற கறுப்புப் பட்டை சட்டத்தின் உள்சுவர்.

இதை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது, படத்திலேயே அந்த எழுத்துகள் விழவில்லை. போன் திரையின் விளிம்பைத் தாண்டி வெளியே போனால்தான் இப்படி மறையும். விளிம்புக்கு உள்ளே, திரைக்கு முன்னால் எங்கே நின்றாலும் எழுத்து மறையாது, நாலு பக்கமும் உள்சுவர்தான் தெரியும். போனைக் கம்பில் மாட்டி நீட்டியாவது திரைக்கு முன்னால் கொண்டுவாருங்கள். அதுவரை அந்த மெஷினுக்குச் சட்டத்தின் மூலையைத் தொடாமல், உள்ளே இருக்கிற நாலு குறிகளை மட்டும் பயன்படுத்துங்கள். சட்டத்தின் விளிம்பு திரைக்கு முன்னால் நிற்கிறது, இரண்டும் ஒரே தளத்தில் இல்லை. அதை மூலையாக வைத்தால் மீதி எழுத்துகளும் இடம் மாறும்.

பட்டறைக்காரன் | ஜூன் 16, காலை 7.00

காந்தம் வைத்த போன் ஸ்டாண்ட் ஒன்றை சுழல்கையிலேயே ஒட்டிவிட்டேன். போன் இப்போது திரைக்கு நேர் முன்னால். ஒருமுறை எடுத்த நாலு எண்ணையே எல்லாப் படத்துக்கும் போட்டு, ஒரே கட்டளையில் மொத்த ஃபோல்டரையும் வெட்டுகிறேன்.

கடைசி பெஞ்ச் | ஜூன் 16, இரவு 7.45

ஸ்டாண்டில் இருந்தாலும் எனக்குப் படத்துக்குப் படம் சில பிக்சல் நகர்கிறது. யாரும் தொடவில்லை.

நேர்கோடு | ஜூன் 16, இரவு 9.00

போனின் ஆட்டம் தணிக்கும் அமைப்பு லென்ஸைக் கொஞ்சம் நகர்த்தும். ஃபோகஸ் மாறும்போதும் படம் இம்மி பெரிதாகும், சிறிதாகும். ஃபோகஸைப் பூட்ட முடிந்தால் பூட்டுங்கள். தொகுப்பில் முதல் படமும் கடைசிப் படமும் மாதிரிப்படத்தோடு பொருந்துகிறதா என்று பார்த்துவிட்டால் நடுவில் இருப்பதை நம்பலாம்.

இன்னொன்று. போன் தரையைப் பார்த்தபடி இருந்தால் எது மேல் என்று அதற்கே குழப்பம் வரும். ஒரே தொகுப்பில் சில படம் புரண்டிருக்கும். ஸ்டாண்ட் செங்குத்தாக இருந்தால் கவலை இல்லை.

பட்டறைக்காரன் | ஜூன் 18, காலை 7.25

பொருந்துகிறது. ஆனால் மேல் விளிம்பின் நடுவில் மட்டும் மெல்லிய கறுப்புக் கோடு, ஓரங்களில் இல்லை. மூலைகள் நாலும் சரியாகத்தான் இருக்கின்றன.

நேர்கோடு | ஜூன் 18, இரவு 8.30

போன் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது?

பட்டறைக்காரன் | ஜூன் 18, இரவு 8.55

ஒரு சாண் இருக்கும்.

நேர்கோடு | ஜூன் 18, இரவு 9.20

அகலக் கோண லென்ஸின் வளைவு. அவ்வளவு பக்கத்தில் திரை படம் முழுக்க நிரம்பும்போது நேர்கோடு லேசாக வளைந்து விழும். மூலப் படத்தில் மேல் இடது மூலையிலிருந்து மேல் வலது மூலைக்கு ஒரு நேர்கோடு போட்டுப் பாருங்கள், திரையின் விளிம்பு நடுவில் அதைவிட்டு விலகி நிற்கும். உங்கள் படத்தில் கறுப்பு உள்ளே வருவதால் விளிம்பு உள்பக்கமாக வளைந்திருக்கிறது. போனின் திருத்தம் அளவுக்கு மீறிப்போனால் இப்படி ஆகும். ஸ்டாண்டைத் தூரத்தில் வைத்து 2 மடங்கு ஜூமில் எடுத்தால் பெரும்பாலும் அடங்கும். அந்த ஜூமுக்கு தனி லென்ஸ் இருக்கிற போனாக இருந்தால் இன்னும் நல்லது.

கடைசி பெஞ்ச் | ஜூன் 18, இரவு 10.05

எதற்கு இவ்வளவு? நாலு பக்கமும் ஒரு சதவீதம் உள்ளே தள்ளி வெட்டிவிடுங்கள். கோடு போய்விடும். நான் எப்போதும் அப்படித்தான்.

பட்டறைக்காரன் | ஜூன் 19, காலை 6.55

ஒரு சதவீதம் என்றால் 1920-இல் 19 பிக்சல், மெஷின் திரையில் 6 புள்ளி. எங்கள் அலாரம் எண் இடது ஓரத்திலிருந்து ரெண்டாவது புள்ளியில் தொடங்குகிறது. முதல் எழுத்தில் பெரும்பகுதி போய்விடும்.

டீச்சரம்மா | ஜூன் 19, காலை 10.40

நான் கடைசி பெஞ்ச் தம்பி சொன்னபடி கொஞ்சம் உள்ளே தள்ளித்தான் பிரிண்ட் போட்டேன். டிவிக்கு அது சரியாகவே இருக்கிறது, ஓரத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

நேர்கோடு | ஜூன் 19, இரவு 8.20

காட்சிப் படத்துக்கு உள்ளே தள்ளுங்கள், எண் இருக்கிற பக்கத்துக்கு வேண்டாம். எண் பக்கத்தில் நான் எதிர்மாறாக, ரெண்டு மூன்று பிக்சல் சட்டத்தையும் சேர்த்தே வெட்டுவேன். திரை முடிந்துவிட்டது, எழுத்து எதுவும் வெட்டுப்படவில்லை என்பதற்கு அந்தக் கறுப்புக் கோடே சாட்சி. பட்டறைக்காரன் அந்தக் கோட்டை விட்டுவைக்கலாம் என்பதுதான் என் கருத்து.

பட்டறைக்காரன் | ஜூன் 21, காலை 7.15

ஸ்டாண்டை ஒன்றரை அடிக்கு நகர்த்தி 2 மடங்கில் எடுத்தேன். கோடு மிக மெல்லியதாகிவிட்டது, விட்டுவைக்கிறேன். தூரம் கூடியதில் இன்னொன்றும் நடந்தது. சாம்பல் பக்கத்தில் அலையலையாக வந்த வரிகள் குறைந்திருக்கின்றன. அதற்குக் காரணம் தூரமா, ஜூமா என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நேர்கோடு | ஜூன் 21, இரவு 9.45

திரையின் புள்ளி வரிசையும் கேமரா சென்சாரின் பிக்சல் வரிசையும் ஒன்றின்மேல் ஒன்று விழும்போது வருவது அந்த அலை. திரையின் ஒரு புள்ளிக்குப் படத்தில் எத்தனை பிக்சல் கிடைக்கிறது என்பது மாறினால் அலையும் மாறும். உங்கள் விஷயத்தில் எது மாற்றியது என்று படத்தைப் பார்க்காமல் சொல்ல முடியாது. மூலப் படத்தையே முழு அளவில் திறந்து பாருங்கள். அதில் அலை இல்லாமல் வெட்டிய கோப்பில் மட்டும் இருந்தால் அளவு குறைக்கும்போது வந்தது. ஓபன்சிவியில் `warpPerspective` போட்டு நேராகச் சின்ன அளவுக்கு இறக்குபவர்களுக்கு இது அடிக்கடி வரும். அங்கே முதலில் பெரிய அளவிலேயே நிமிர்த்திவிட்டு, அப்புறம் `INTER_AREA` வைத்துக் குறைக்க வேண்டும்.

பட்டறைக்காரன் | ஜூன் 22, காலை 7.05

மூலப் படத்திலேயே மெலிதாக இருக்கிறது. அப்படியானால் எடுக்கும்போதே வருவது. இன்று ஸ்டாண்டை இன்னும் அரை அடி தள்ளி வைத்துப் பார்க்கிறேன், ஜூமைத் தொடாமல்.